மேட்டில் குழி, அணையில் வண்டல்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், லம்புங் மாகாணத்தின் மேற்கு மலைப்பகுதியில் சும்பர்ஜயா என்ற ஊர்த்தொகுதி இருக்கிறது. வே பெசாய் ஆறு பிறக்கும் இடம் அது. சரிவெங்கும் ரோபஸ்டா காப்பித் தோட்டங்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் 90 மெகாவாட் திறன்கொண்ட நீர்மின் நிலையம் ஒன்று 2001 முதல் இயங்குகிறது. மேலே காப்பி பயிரிடுபவர்களின் மண் மழையில் கரைந்து கீழே வருகிறது. மின் நிலையத்தின் தேக்கத்தில் வண்டலாகப் படிகிறது, இயந்திரங்களின் சக்கரங்களைத் தேய்க்கிறது. மண்ணை மேலேயே தடுத்து நிறுத்தினால் கீழே இருப்பவருக்கு லாபம். அந்த லாபத்தில் ஒரு பங்கை மேலே இருப்பவருக்குக் கொடுத்தால் என்ன?

சூழல் சேவைக் கட்டணம் என்ற ஏற்பாட்டின் கரு இவ்வளவுதான். காற்று, நீர், மண் ஆகியவற்றைக் காப்பதால் இன்னொருவர் பயனடைகிறார் என்றால், காப்பவருக்கு அவர் கூலி தர வேண்டும். கேட்கும்போது எளிமையாக இருக்கிறது. தாளில் ஒப்பந்தமாக எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எதற்குக் காசு? வெட்டிய குழிக்கா, குறைந்த வண்டலுக்கா? எவ்வளவு? யாருக்கு? செய்தார்களா என்று எப்படித் தெரியும்? உலக வேளாண் காடு மையத்தின் ஆய்வாளர்கள் 2000-களில் சும்பர்ஜயாவில் இந்தக் கேள்விகளுக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று விடைகளைச் செயலில் சோதித்துப் பார்த்தார்கள். உலகில் வேறெங்கும் ஒரே மலையில் இத்தனை விதமான ஒப்பந்தங்களை அருகருகே வைத்து ஒப்பிட வாய்ப்பது அரிது. அதனால்தான் இந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த மலையில் வாழ்பவர்களின் கதையைச் சொல்ல வேண்டும். 1950-களில் மேற்கு ஜாவாவிலிருந்து முன்னாள் படைவீரர்களை அரசே இங்கே குடியேற்றியது. பின்னால் காப்பி விலையை நம்பி இன்னும் பலர் வந்தார்கள். 1970-இல் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் காடாக இருந்தது. 2000 வாக்கில் அது எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. காட்டின் பெரும்பகுதி 'பாதுகாப்புக் காடு' என்று அரசின் ஏடுகளில் இருந்தது, ஆனால் தரையில் காப்பிச் செடி நின்றது. 1990-களின் முதல் பாதியில் படையின் உதவியோடு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அணைக்கு நீரும் மண்ணும் காக்கப்பட வேண்டும் என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்கள் பலர் பின்னால் திரும்பி வந்து அதே சரிவில் காப்பி நட்டார்கள். இப்படி விரட்டப்பட்ட ஒருவரிடம் போய் 'மண்ணைக் காத்தால் காசு தருகிறோம்' என்று சொன்னால், அவர் முதலில் கேட்பது காசின் அளவை அல்ல. அடுத்த ஆண்டும் இந்த நிலத்தில் நான் இருப்பேனா என்பதைத்தான்.

அந்தக் கேள்வி பின்னால் வரும். முதல் சோதனை, சொந்த நிலம் உள்ளவர்களிடம் நடந்த ஏலம்.

ஏலம் என்றதும் அதிக விலை கேட்பவர் வெல்வது என்று நாம் நினைப்போம். இது தலைகீழ் ஏலம். ஆய்வுக்குழு ஒரு வேலையை முதலில் வரையறுத்தது: ஒரு ஹெக்டேர் காப்பித் தோட்டத்தில் 300 வண்டல் குழிகள் வெட்ட வேண்டும், தோட்டத்தின் பாதியிலாவது குறுக்கு வரப்பு போட வேண்டும், குழி, வரப்பு ஓரங்களில் புல் நட வேண்டும், ஓராண்டுக் காலம் பராமரிக்க வேண்டும். இந்த வேலையை எவ்வளவு குறைந்த தொகைக்குச் செய்வீர்கள் என்று ஒவ்வொரு விவசாயியும் சீட்டில் எழுதி மூடிக் கொடுக்க வேண்டும். குறைவாகக் கேட்டவர்களிலிருந்து தொடங்கி, பணம் தீரும்வரை ஒப்பந்தம் கிடைக்கும். மொத்தத் தொகை எவ்வளவு என்பது ரகசியம். பழகுவதற்காகப் பல ஒத்திகைச் சுற்றுகள் நடத்தி, கடைசிச் சுற்று மட்டும் உண்மையானது என்றார்கள்.

இப்படி ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? விவசாயிக்கு அந்த வேலை உண்மையில் எவ்வளவு செலவு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் இரண்டு இளைஞர்கள் இருந்தால் ஒரு கணக்கு, கூலிக்கு ஆள் வைத்தால் வேறு கணக்கு. சரிவு எத்தனை செங்குத்து, பாறை எவ்வளவு என்பதையெல்லாம் வெளியூரிலிருந்து வந்தவர் கணிக்க முடியாது. நேராகக் கேட்டால் யாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அதில் தவறும் இல்லை. ஏலத்தில் கூட்டிச் சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்பதால் உண்மை விலை வெளியே வருகிறது.

இங்கே நியாயம் பற்றிய முதல் முடிவு எடுக்கப்பட்டது. ஐந்து பேர் தலா ஒரு ஹெக்டேருக்குக் கேட்கிறார்கள் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம்: 10 லட்சம், 12 லட்சம், 14 லட்சம், 16 லட்சம், 22 லட்சம் ரூபியா. கையில் இருக்கும் தொகை 50 லட்சம். அவரவர் கேட்டதையே கொடுத்தால் முதல் மூவருக்கு 36 லட்சம் போதும். நான்காமவருக்கு மீதிப் பணம் போதாது, 14 லட்சம் கையில் மிஞ்சும். கணக்கர் மகிழ்வார். ஆனால் 10 லட்சம் கேட்டவர் யார்? பெரும்பாலும் அந்த ஊரில் கையில் காசு மிகக் குறைவாக உள்ளவர். அதே அளவு நிலம், அதே 300 குழி; அவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரரைவிடக் குறைந்த கூலி. சும்பர்ஜயாவில் இதைத் தவிர்த்து, வென்றவர் எல்லோருக்கும் ஒரே விலை என்ற விதியை வைத்தார்கள். நம் கணக்கில், தோற்றவர்களில் மிகக் குறைவாகக் கேட்டவரின் தொகையையே பொது விலையாக்கினால், மூவருக்கும் தலா 16 லட்சம், மொத்தம் 48 லட்சம். 10 லட்சம் கேட்டவருக்கும் 16 லட்சம் கிடைக்கிறது. தான் கேட்ட தொகை தன் கூலியை நிர்ணயிக்கப்போவதில்லை என்பதால் யாருக்கும் பொய் விலை எழுதத் தேவையும் இல்லை. நியாயமும் உண்மை விலையும் ஒரே விதியில் கிடைப்பது அரிது, இங்கே கிடைத்தது.

உண்மையான ஏலத்தில் எண்பது பேர் அளவில் பங்கெடுத்தார்கள். பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஒப்பந்தம் கிடைத்தது. விலை ஹெக்டேருக்குச் சுமார் 170 அமெரிக்க டாலர் என்று வந்தது. அதே வேலைக்கு உள்ளூர் தினக்கூலியை வைத்துப் போட்ட கணக்கு இதைவிடக் கணிசமாக அதிகம். பாதி முன்பணம், மீதி ஆண்டு முடிவில் வேலையைப் பார்வையிட்ட பிறகு.

ஏல விலை கூலிக் கணக்கைவிடக் குறைந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு வாசிப்புகள் உண்டு. குழியும் வரப்பும் விவசாயிக்கும் பயன் தருபவை. உரமான மேல்மண் தோட்டத்திலேயே தங்கும், ஆகவே அவர் தன் பங்கையும் கழித்துக்கொண்டு கேட்டார் என்பது ஒன்று. வேலையின் பாரத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது மற்றொன்று. குழி ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், முழங்காலளவு ஆழம் என்று வைத்தால் 300 குழிகளில் அறுபது கன மீட்டர் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு ஆள் நாளுக்கு இரண்டு கன மீட்டர் வெட்டினாலும் முப்பது ஆள் நாள். பிறகு வரப்பு, புல், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நிரம்பிய குழியை அள்ளித் தூர்ப்பது. சீட்டில் ஒரு எண்ணை எழுதும் நிமிடத்தில் இந்த முப்பது நாளும் கண்முன் வருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இரண்டாவது வாசிப்பைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் ஆண்டு முடிவில் ஒப்பந்த வேலையை முழுதாக முடிக்காதவர்கள் நிறையப் பேர்.

முடிக்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. புல் நாற்று தேவையான அளவு கிடைக்கவில்லை. குழுவாக வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒருங்கிணைப்பவர் இல்லை. வேலைக் காலம் காப்பி அறுவடையோடு மோதியது. மூன்றாவதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. காப்பி பறிப்பைத் தள்ளிவைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ஓராண்டின் முழு வருமானமும் அந்த மாதங்களில்தான் கைக்கு வருகிறது. ஒப்பந்தம் எழுதும்போது பறிப்புக் காலத்தைக் குறித்துக்கொண்டு தேதி வைத்திருந்தால், நிறைவேறாத குழிகளில் ஒரு பகுதியாவது நிறைவேறியிருக்கும்.

இனி பார்வையிடுவதைப் பற்றி. செயலுக்குக் காசு என்ற ஒப்பந்தத்தில் மேற்பார்வை ஒப்பீட்டளவில் எளிது. சரிவுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி நடந்து, கயிற்றில் விழும் குழிகளை எண்ணிப் பெருக்கலாம். ஆழத்தைக் குச்சியால் அளக்கலாம். பார்வைக்கு முந்தைய வாரம் அவசரமாக வெட்டிய குழியை அடையாளம் காண்பதும் கடினமில்லை: ஓரங்கள் கூர்மையாக இருக்கும், வெட்டிய மண் பக்கத்திலேயே தளர்ந்து கிடக்கும், அடியில் இலைச்சருகும் படிந்த மண்ணும் இராது. ஒரு மழைக்காலம் வேலை செய்த குழியில் அடுக்கடுக்காக வண்டல் இருக்கும், அல்லது அள்ளிப் போட்ட வண்டல் செடியின் அடியில் தெரியும். ஆகவே இரண்டு முறை பார்க்க வேண்டும்: மழை தொடங்கும் முன் ஒருமுறை, நடு மழைக்காலத்தில் ஒருமுறை. வறண்ட மாதத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது பயனற்றது.

ஆனால் மின் நிலையம் குழியைக் கேட்கவில்லை. அதற்கு வேண்டியது வண்டல் குறைவது. இந்த இடத்தில்தான் சும்பர்ஜயா அறிவியல் பூர்வமாகச் சுவாரசியமானது.

அங்கே பல ஆண்டுகள் நடந்த மண் அரிப்பு ஆய்வுகள் தோட்டத்தில் இழக்கும் மண்ணையும் ஆற்றில் ஓடும் மண்ணையும் தனித்தனியே அளந்தன. களையெல்லாம் சுத்தமாகப் பறித்த இளம் காப்பித் தோட்டத்தில் அரிப்பு அதிகம். நிழல் மரங்களும் பல அடுக்குச் செடிகளும் உள்ள முதிர்ந்த தோட்டத்தில் காட்டுக்கு அருகில் வரும் அளவுக்குக் குறைவு. ஆற்றில் வரும் மண்ணின் அளவோ தோட்டத்தின் நிலையைவிட அடிப்பாறையின் வகையைப் பொறுத்தே பெரிதும் மாறியது. மண் வந்த இடங்களைத் தேடியபோது ஆற்றங்கரை இடிதல், சரிவுச் சரிதல், நடைபாதைகள், சாலை ஓரங்கள் எல்லாம் பெரும் பங்கு வகித்தன. காப்பி மூட்டை சுமந்து நடந்து நடந்து பள்ளமான ஒற்றையடிப் பாதை, மழையில் வாய்க்காலாக மாறி நேராக ஓடையில் சேர்கிறது. யாருடைய தோட்டமும் அல்ல அது. இன்னொரு கண்டுபிடிப்பு பலரை வியக்க வைத்தது: காடு குறைந்த பிறகு, பெய்த மழையில் ஆற்றுக்கு வந்து சேர்ந்த பங்கு கூடியது. அதாவது 'காடு அழிந்தால் அணைக்கு நீர் வராது' என்று சொல்லி மக்களை வெளியேற்றியதற்கு இந்த ஆற்றின் அளவைகளே ஆதரவு தரவில்லை. சிக்கல் மண்ணில்தான் இருந்தது.

இதிலிருந்து ஒரு கசப்பான முடிவு வருகிறது. ஏலத்தில் வென்ற விவசாயி 300 குழியையும் நேர்மையாக வெட்டி, அள்ளி, பராமரித்தாலும் அணையில் வண்டல் குறையாமல் போகலாம். அவர் தன் வேலையைச் செய்தார். மின் நிலையம் காசு கொடுத்ததற்குப் பலன் பெறவில்லை. இருவருமே ஏமாறவில்லை, ஆனால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீடிக்காது.

அதனால் இரண்டாவது சோதனை பலனை நேராகத் தொட்டது. 'ஆற்றுக் காவல்' என்ற பொருளில் ரிவர்கேர் என்று பெயர். தனித் தோட்டக்காரரோடு அல்லாமல் ஒரு சிற்றோடையின் நீர்ப்பிடிப்பில் வாழும் குழுவோடு ஒப்பந்தம். ஆற்றங்கரையில் மரம் நடலாம், ஓடையில் சிறு தடுப்பணை கட்டலாம், பாதையோரம் வடிகால் வெட்டலாம், சரிந்த இடத்தைக் கட்டலாம். எதைச் செய்வது என்பது குழுவின் விருப்பம். கடைசியில் ஓடை நீரில் வண்டல் எவ்வளவு குறைந்தது என்று அளந்து காசு: 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சுமார் 1,000 டாலர், 20 முதல் 30 என்றால் 700, 10 முதல் 20 என்றால் 500, அதற்கும் கீழ் என்றால் 250. மண் உண்மையில் எங்கிருந்து வருகிறதோ அங்கே வேலை செய்யும் சுதந்திரம் இதில் இருக்கிறது. ஏலத்தில் யாருடையதாகவும் இல்லாத அந்த ஒற்றையடிப் பாதை இங்கே எல்லோருடைய வேலையாகிறது.

ஆனால் அளவை? ஓடை நீரைப் பாட்டிலில் பிடித்து, வண்டலைப் படியவைத்து, உலர்த்தி, எடை போட வேண்டும். செய்முறை யாரும் கற்றுக்கொள்ளக் கூடியது, ஊர் மக்களும் கற்றுக்கொண்டார்கள். தொல்லை வேறு இடத்தில். ஆண்டு முழுதும் ஓடும் வண்டலில் பெரும்பகுதி சில பெருமழை நாட்களில், அதிலும் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. நள்ளிரவில் வெள்ளம் ஏறும்போது பாட்டில் பிடிக்க யாரும் இல்லையென்றால், ஆண்டின் கணக்கே தவறாகிவிடும். காலை எட்டு மணிக்கு மட்டும் மாதிரி எடுத்தால் ஓடை எப்போதும் தெளிவாகவே தெரியும். அடுத்த சிக்கல், ஒப்பிடும் ஆண்டு. முதலாண்டு மழை அதிகம், இரண்டாமாண்டு குறைவு என்றால் யாரும் ஒரு மரமும் நடாமலே வண்டல் 30 சதவீதம் குறையும். நேர்மாறாக, கடும் உழைப்புக்குப் பிறகு ஒரே ஒரு மண்சரிவு எல்லாவற்றையும் அழித்துவிடும். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது: ஒப்பந்தம் இல்லாத பக்கத்து ஓடை ஒன்றையும் அதே முறையில் அளப்பது. இரண்டிலும் ஒரே மழை பெய்யும். பக்கத்து ஓடையில் வண்டல் 15 சதவீதம் தானாகக் குறைந்து, ஒப்பந்த ஓடையில் 35 சதவீதம் குறைந்தால், குழுவின் உழைப்புக்குச் சேர வேண்டியது ஏறக்குறைய அந்த வேறுபாடுதான். செலவு இரட்டிப்பாகும் என்பதால் பலர் இதைச் செய்வதில்லை. மொத்தத் தொகை ஆயிரம் டாலர் மட்டுமே உள்ள ஒப்பந்தத்துக்கு அளவைச் செலவே அதைவிடக் கூடிவிடும் என்பது உண்மையான தடை.

இயற்கையின் ஆபத்தை யார் சுமப்பது என்பதே இரண்டு ஒப்பந்தங்களுக்கும் உள்ள வேறுபாடு. செயலுக்குக் காசு என்றால், வேலை நடந்தும் வண்டல் குறையாத ஆபத்து வாங்குபவர் தலையில். பலனுக்குக் காசு என்றால், உழைத்தும் ஒரு மழையில் எல்லாம் போகும் ஆபத்து விவசாயியின் தலையில். கையில் சேமிப்பு இல்லாத குடும்பத்தின்மீது அந்த ஆபத்தை ஏற்றுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. மின் நிலையம் ஒரு மோசமான ஆண்டைத் தாங்கும், அரை ஹெக்டேர் காப்பி வைத்திருப்பவர் தாங்கமாட்டார். ரிவர்கேர் ஒப்பந்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழ் குறைந்தாலும் 250 டாலர் உண்டு என்று வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் கீழ்த்தொகை, ஆபத்தின் ஒரு பகுதியை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதன் அடையாளம். என்னைக் கேட்டால் அது பாதியாவது இருந்திருக்க வேண்டும்.

இரண்டிலும் விடுபட்டவர்கள் உண்டு. ஏலத்தில் சேரச் சொந்த நிலம் வேண்டும். வாரத்துக்குப் பயிரிடுபவரோ, பாதுகாப்புக் காட்டின் சரிவில் நட்டவரோ சேர முடியாது. நிலம் ஒருவருடையது, மண்வெட்டி பிடிப்பவர் வேறொருவர் என்றால், முன்பணம் யார் கைக்குப் போகிறது என்பதை ஒப்பந்தத் தாள் கேட்பதில்லை. ஏற்கெனவே நிழல் மரம் வளர்த்து மண்ணைக் காத்து வந்தவருக்கும் ஒன்றும் கிடைக்காது, அவர் தோட்டத்தில் புதிதாகக் குறைக்க மண் இழப்பே இல்லை. கணக்கின்படி இது சரி. ஊரின் கண்ணில், கவனமின்றிப் பயிரிட்டவருக்குப் பரிசு, பொறுப்பாக இருந்தவருக்கு வெறுங்கை. இப்படிப்பட்ட மனத்தாங்கல் ஒரு கிராமத்தில் விழுந்தால் அடுத்த ஒப்பந்தத்தின் குழுக் கூட்டத்துக்கு ஆள் வராது. பழைய மரங்களைப் பராமரிப்பதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குவது வீண் செலவு ஆகாது என்பேன்.

மூன்றாவது ஏற்பாட்டில் காசே இல்லை. சமூகக் காடு உரிமம் என்ற இந்தோனேசிய அரசுத் திட்டத்தின் கீழ், பாதுகாப்புக் காட்டுக்குள் காப்பி வைத்திருந்த விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, அங்கேயே தொடர்ந்து பயிரிடும் உரிமையைப் பெற்றார்கள். நிபந்தனைகள் தெளிவானவை: ஹெக்டேருக்கு 400 மரங்களாவது காப்பிக்கு நடுவே நிற்க வேண்டும், எஞ்சிய இயற்கைக் காட்டைக் குழுவே காக்க வேண்டும். முதலில் ஐந்தாண்டுச் சோதனைக் காலம். தேறினால் நீண்டகால உரிமம். 2007-இல் மாறிய விதிகளின்படி அது 35 ஆண்டுகள் வரை நீளும். உலக வேளாண் காடு மையமும் உள்ளூர் தொண்டு அமைப்புகளும் விண்ணப்பம், வரைபடம், குழு விதிகள் ஆகியவற்றில் உதவின. சில ஆண்டுகளில் சும்பர்ஜயாவின் பாதுகாப்புக் காட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குழுக்களின் கைக்கு வந்தது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் சேர்ந்தன.

ஏலத்தின் 170 டாலரையும் ரிவர்கேர் குழுவின் ஆயிரம் டாலரையும் இதனருகே வைத்துப் பார்த்தால் அளவின் வேறுபாடு புரியும். காசு ஓராண்டில் செலவாகிவிடும். உரிமம் இருந்தால் பத்தாண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை நடத் துணிவு வரும், மரம் நட்டவர் களையைச் சுத்தமாகப் பறிப்பதைக் குறைப்பார், வாரிசுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். மண் காக்கும் வேலை அவருடைய சொந்த நலனாகவே ஆகிறது. விரட்டப்பட்டவரின் முதல் கேள்விக்கு நேரான விடை இது ஒன்றே.

மேற்பார்வையும் இங்கே எளிது. 400 மரம் நிற்கிறதா என்பதை நடந்து எண்ணலாம். நள்ளிரவு வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் தண்டனையை நடைமுறைப்படுத்துவது கடினம். ஒரு உறுப்பினர் மரத்தை வெட்டினால் குழுவின் உரிமத்தையே ரத்து செய்வதா? அது குற்றம் செய்யாத பலரை மீண்டும் விரட்டும் வேலையாகும். ரத்து செய்யவே மாட்டார்கள் என்று தெரிந்தால் நிபந்தனைக்குப் பொருள் இராது. நடுவில் படிகள் வேண்டும்: முதலில் எச்சரிக்கை, பிறகு வெட்டிய இடத்தில் குறித்த காலத்துக்குள் மறுநடவு, அதுவும் இல்லையென்றால் அந்தக் குடும்பத்தின் துண்டு நிலத்தைக் குழுவே திரும்ப எடுத்து வேறு உறுப்பினருக்குத் தருவது. மரம் எண்ணுபவர் வனத்துறையினர் மட்டும் என்றால், முன்பு விரட்டிய அதே சீருடை இப்போது எண்ணிக்கைப் புத்தகத்தோடு வருகிறது. பக்கத்துக் குழுவின் ஆட்களும் சேர்ந்து எண்ணி, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு படி குழுவிடமே இருந்தால், ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டில் யாரும் வாய்ச்சொல்லை நம்பி நிற்க வேண்டியதில்லை.